சொந்த வங்கி ஏடிஎம்மா, பக்கத்து வங்கி ஏடிஎம்மா: 27.14 ரூபாயின் கணக்கு

பாஸ்புக்கில் 27.14 என்று ஒரு பிடித்தம் விழுந்திருந்தால் காரணம் அநேகமாக ஒன்றுதான்: அந்த மாதத்துக்கான இலவச ஏடிஎம் வரம்பைத் தாண்டியிருக்கிறீர்கள். வரம்புக்கு மேல் போகும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வங்கி அதிகபட்சம் 23 ரூபாய் வாங்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2025 மே 1 முதல் இந்தத் தொகை. அதற்கு முன்பு 21. இந்த 23-க்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. அது 4.14. இரண்டும் சேர்ந்தால் 27.14. சில வங்கிகள் இதை ஒரே வரியில் எழுதும், சில 23.00 ஒரு வரி, 4.14 இன்னொரு வரி என்று பிரிக்கும். வரியையும் மத்திய, மாநிலப் பங்காக உடைத்து 2.07, 2.07 என்று காட்டுவதும் உண்டு.

வரம்பு எவ்வளவு என்பது எந்த இயந்திரத்தின் முன்னால் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கார்டு கொடுத்த வங்கியின் ஏடிஎம் என்றால் மாதத்துக்கு 5 இலவசம். வேறு வங்கியின் ஏடிஎம் என்றால் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் 3, மற்ற ஊர்களில் 5. உங்கள் கணக்கு எந்த ஊர்க் கிளையில் இருக்கிறது என்பது இதில் கணக்கில்லை. ஏடிஎம் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. திருச்சியில் கணக்கு வைத்துக்கொண்டு சென்னையில் வேலை பார்ப்பவருக்கு, சென்னையில் அயல் வங்கி ஏடிஎம்மில் மூன்றுதான். எந்த வங்கியையும் சேராத தனியார் ஏடிஎம்களும் அயல் வங்கிக் கணக்கில்தான் வரும். எண்ணிக்கை காலண்டர் மாதப்படி, 1-ஆம் தேதி புதிதாகத் தொடங்கும். சம்பள, மூத்த குடிமக்கள் கணக்குகளுக்கு வங்கியே கூடுதலாகச் சிலவற்றை இலவசமாகத் தரலாம். அதை உங்கள் வங்கியின் கட்டணப் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.

ஆனால் 5-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. இருப்பு பார்ப்பது சொந்த வங்கி ஏடிஎம்மில் எண்ணிக்கையில் சேராது. ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் இதைத் தெளிவாக்கிவிட்டது. அயல் வங்கி ஏடிஎம்மில் சேரும். அங்கே “பேலன்ஸ் எவ்வளவு” என்று ஒரு தடவை பார்த்தாலும், மினி ஸ்டேட்மென்ட் எடுத்தாலும், மூன்றில் ஒன்று போச்சு. இதில் இன்னொரு சிக்கல்: இருப்பு பார்த்ததற்குப் பாஸ்புக்கில் பதிவே இருக்காது. பணம் நகரவில்லையே! அதனால் பாஸ்புக்கில் உள்ள பணமெடுப்புகளை மட்டும் எண்ணிவிட்டு “மூணு தடவைதானே எடுத்தேன்” என்று கிளையில் போய் நின்றால், அவர்கள் பட்டியலில் ஐந்து இருக்கும்.

ஒரு மாதத்தை வைத்துப் பார்ப்போம். தி.நகரில் வேலை, பக்கத்தில் இருப்பது அயல் வங்கி ஏடிஎம். 2-ஆம் தேதி சம்பளம் வந்துவிட்டதா என்று இருப்பைப் பார்த்து, அப்புறம் 3,000 எடுக்கிறார். 9-ஆம் தேதி 2,000. மூன்று முடிந்தது. 15-ஆம் தேதி 2,000 எடுத்தது நான்காவது, 23 ரூபாய். 22-ஆம் தேதி 1,000 கேட்டபோது இயந்திரத்தில் பணமில்லை. அது எண்ணிக்கையில் வரக்கூடாது. அதே நாள் அடுத்த தெருவில் 1,000 எடுத்தது ஐந்தாவது, இன்னொரு 23. 28-ஆம் தேதி மறுபடி இருப்பு பார்த்தது ஆறாவது. இருப்பு பார்ப்பதற்குப் பல வங்கிகள் குறைவாகத்தான் வாங்கும். 11 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 57, வரி 10.26, மொத்தம் 67.26. அவர் எடுத்ததோ 8,000 ரூபாய்தான்.

இதே வேலைகளைச் சொந்த வங்கி ஏடிஎம்மில் செய்திருந்தால்? பணமெடுப்பு நான்கு, வரம்பு ஐந்து; இருப்பு பார்த்தது கணக்கில் இல்லை. செலவு பூஜ்யம். பத்து நிமிடம் நடக்க வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான். நடக்க முடியாதென்றால் அயல் வங்கியிலேயே 4,000 வீதம் இரண்டு தடவை எடுத்து, இருப்பை ஃபோனில் பார்த்திருந்தாலும் பூஜ்யம்தான். கட்டணம் தடவைக்குத்தான், தொகைக்கு இல்லை. வரம்பு தாண்டிய பிறகு 500 எடுத்தாலும் 27.14, 10,000 எடுத்தாலும் 27.14.

வேறு வழிகளையும் பார்த்துவிடலாம். கார்டு இல்லாமல் யூபிஐ மூலம் ஏடிஎம்மில் எடுப்பதைச் சிலர் தனி இலவசம் என்று நினைக்கிறார்கள். இல்லை, கட்டண விதி அதற்கும் இதேதான். கிளை கவுன்டரில் எடுப்பதற்கும் பல வங்கிகள் மாத வரம்பு வைத்திருக்கின்றன. தாண்டினால் ஏடிஎம்மைவிட அதிகமாகவே பிடிப்பார்கள். வரம்பு முடிந்தபின் சின்னத் தொகை வேண்டுமென்றால் எனக்குப் பிடித்த வழி கடையின் ஸ்வைப் மெஷின். வசதி கொடுத்திருக்கும் கடையில் டெபிட் கார்டைத் தேய்த்து ரொக்கம் வாங்கலாம், பொருள் வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. கட்டணம் வாங்கினாலும் தொகையில் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. 1,000 ரூபாய்க்கு 10. என்ன, எல்லாக் கடையும் தருவதில்லை, கல்லாவில் பணமும் இருக்க வேண்டும்.

சரி, பிடித்தது சரியா என்று எப்படிப் பார்ப்பது? வந்த தொகையை 1.18-ஆல் வகுங்கள். 27.14 என்றால் 23, வரம்பு மீறல். 54.28 என்றால் இரண்டு தடவை. 23.60 வந்தால் அது 23 இல்லை, 20, 29.50 என்றால் 25. இந்த இரண்டும் பெரும்பாலும் வேறு தண்டனை: கணக்கில் போதிய பணம் இல்லாமல் அயல் வங்கி ஏடிஎம்மில் கேட்டு மறுக்கப்பட்டதற்கு வங்கிகள் போடுவது. இலவச எண்ணிக்கை மிச்சம் இருந்தாலும் இது விழும். ஏடிஎம் வரம்பு மீறல் என்று பெயர் போட்டு ஒரு தடவைக்கு 27.14-க்கு மேல் இருந்தால் நிச்சயம் கேள்வி கேட்கலாம். கட்டணம் அன்றே விழாமல் அடுத்த மாதம் விழுவதும் உண்டு என்பதால், பிடித்த தேதியை விட்டுவிட்டு விவரத்தில் எந்த மாதம், எந்தத் தேதி என்று இருப்பதைப் பாருங்கள்.

தவறாக எண்ணப்படுவது பெரும்பாலும் தோல்வியடைந்த முயற்சிகள். இயந்திரக் கோளாறு, தொடர்புத் துண்டிப்பு, பணம் தீர்ந்துபோனது, தப்பான பின் நம்பர் இவை எதுவும் எண்ணிக்கையில் வரக்கூடாது. அப்படிப்பட்ட நேரத்தில் வரும் துண்டுச் சீட்டையோ குறுஞ்செய்தியையோ அடுத்த மாதக் கடைசி வரை வைத்திருங்கள். கிளையில் கேட்கும்போது, அந்த மாத ஏடிஎம் பரிவர்த்தனைப் பட்டியலை இருப்பு பார்த்தவை உட்பட, தேதி, ஏடிஎம் எண், வெற்றி தோல்வியோடு கேளுங்கள். தவறென்று ஒப்புக்கொண்டால் 23 மட்டும் திரும்பி வந்து 4.14 அங்கேயே நின்றுவிடலாம். கட்டணமே தவறென்றால் அதன் மேல் போட்ட வரியும் திரும்ப வேண்டும். புகாரை எழுத்தில் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் பதியலாம். அங்கே முதலில் கேட்பது அந்தப் புகார் எண்ணையும் தேதியையும்தான்.