படக்குறிப்பில் ‘மாறலாம்’ என்பதா, ‘மாறியிருக்கிறது’ என்பதா?

பொருள்களுக்கு விற்பனைக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. கையில் ஒரு மேசை விளக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படம் முந்தைய தயாரிப்பில் எடுத்தது. இப்போது வரும் விளக்கில் சுவிட்ச் அடித்தட்டில் இல்லை, ஒயரில் இருக்கிறது. துணி சுற்றிய ஒயர் போய்க் கறுப்பு பிளாஸ்டிக் ஒயர் வந்துவிட்டது. அதன் நீளமும் 1.8 மீட்டரிலிருந்து 1.5 மீட்டராகிவிட்டது. படத்தில் எரிகிற பல்பு பெட்டிக்குள் வராது. புதுப் படம் எடுக்க இன்னும் சில வாரம் ஆகும். அதுவரை படத்துக்குக் கீழே என்ன எழுதுவது?

முதலில் எல்லார் கைக்கும் வருவது, ‘படம் விளக்கத்திற்காக மட்டுமே’. இதில் பொய் இல்லை, ஆனால் வாங்குகிறவருக்கு ஒரு தகவலும் இல்லை. எது மாறும், எவ்வளவு மாறும் என்று எதுவுமே தெரியாது. ‘மாதிரிப் படம்’ என்று சுருக்கினால் குழப்பம் கூடும். ஒருவர் அதை ‘இதே போன்ற வேறொன்றின் படம்’ என்று படிப்பார். இன்னொருவர் ‘இந்த மாதிரியின் படம்’ என்றே எடுத்துக்கொள்வார். கட்டுரைக்கு நடுவே வரும் பொதுவான படத்துக்கு இவை போதும். காசு கொடுத்து வாங்கும் பொருளுக்குப் போதாது.

அடுத்தது, ‘நிறமும் அமைப்பும் படத்திலிருந்து சற்று மாறுபடலாம்’. இதைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுகிறேன், ஏனென்றால் பாதி நேர்மையானது. நிறத்தைப் பற்றிச் சொல்வது உண்மை. வெளிர் சந்தன நிறக் கூடு 2700 கெல்வின் பல்பின் ஒளியில் மஞ்சளாகத் தெரியும், 6500 கெல்வின் பல்பின் ஒளியில் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும். போனுக்குப் போன் திரையும் வேறு. இது விற்பவர் கட்டுப்பாட்டில் இல்லை, அதனால் இங்கே ‘லாம்’ சரி. ஆனால் சுவிட்ச் இடம் மாறியது நமக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்த ஒன்றை ‘மாறுபடலாம்’ என்று எழுதும்போது நம்மிடம் இருக்கும் உறுதியை வாசகருக்குச் சந்தேகமாக மாற்றிக் கொடுக்கிறோம். ‘சற்று’ என்பதும் யாருடைய கணக்கு? 30 செ.மீ. குறைவு விற்பவருக்குச் சற்றுதான். பிளக் எட்டாத இடத்தில் மேசை போட்டிருப்பவருக்கு விளக்கே பயன்படாது.

மூன்றாவது, மாற்றத்தைப் பெயர் சொல்லி எழுதுவது:

‘படத்தில் இருப்பது முந்தைய தயாரிப்பு. இப்போது அனுப்பும் விளக்கில் ஒயர் 1.5 மீட்டர் (படத்தில் 1.8), கறுப்பு பிளாஸ்டிக். சுவிட்ச் அடித்தட்டில் இல்லை, ஒயரில் உள்ளது. பல்பு சேராது. கூட்டின் நிறம் பல்பையும் திரையையும் பொறுத்துச் சற்று வேறாகத் தெரியலாம்.’

இதில் ‘லாம்’ ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, அது வர வேண்டிய இடம். வரிசையும் முக்கியம்: உபயோகத்தைப் பாதிப்பது முன்னால், பார்வைக்கு மட்டுமானது கடைசியில். ‘இப்படி எழுதினால் வாங்க வந்தவர் போய்விடுவாரே’ என்று விற்பனைப் பக்கத்தில் கேட்பார்கள். ஒயர் நீளம் போதாதவர் எப்படியும் திருப்பி அனுப்பத்தான் போகிறார். அப்புறம், ‘மேம்படுத்தப்பட்ட சுவிட்ச்’ என்று எழுதச் சொல்வார்கள். அது மாற்றத்தைச் சொல்வது போல இருந்தாலும், எங்கே மாறியது என்பதை விழுங்கிவிடுகிறது.

நான்காவது, படத்தின் மேலேயே எழுதுவது. போனில் விவரப் பகுதி பெரும்பாலும் மடிந்தே இருக்கும்; பலர் படத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பார்கள். அதனால் ‘பல்பு சேராது’ என்ற இரண்டு சொல் படத்தின் ஓரத்தில் இருப்பது நல்லது. நான்கைந்து வரியை அங்கே திணித்தால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒயர் தெரியாதபடி படத்தை வெட்டிவிடுவதும் தீர்வில்லை, நீளத்தை எழுதியே ஆக வேண்டும்.

என் தேர்வு மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்தது. சரிபார்க்க ஒரு வழி உண்டு. குறிப்பு எழுதாத ஒருவரிடம் பெட்டியைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லி, படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அவர் முதல் ஒரு நிமிடத்தில் சொல்லும் வித்தியாசம் எல்லாம் குறிப்பில் இருக்க வேண்டும்.

ஆனால் துணிக் கூடு பிளாஸ்டிக் கூடாகிவிட்டது என்றால் எந்தக் குறிப்பும் தாங்காது. அந்தக் கூட்டுக்காகத்தான் விளக்கையே வாங்குகிறார்கள், அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும். புதுப் படம் வந்த அன்று பழைய குறிப்பையும் நீக்க மறக்கக்கூடாது. இல்லாவிட்டால் 1.5 மீட்டர் ஒயர் இருக்கும் படத்துக்குக் கீழே ‘படத்தில் 1.8’ என்று நின்றுகொண்டிருக்கும்.