தக்காளி யாரிடம் வாங்குவது: மண்டியா, உழவர் நிறுவனமா, கடன் தரும் மொத்த வியாபாரியா?

கிருஷ்ணகிரியில் நாளுக்கு நூறு கிலோ தக்காளி செலவாகும் ஒரு விடுதி மெஸ்ஸை எடுத்துக்கொள்வோம். அதற்கு மூன்று வழி உண்டு. ராயக்கோட்டை மண்டியில் நேரடியாக எடுக்கலாம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடம் வாங்கலாம், அல்லது வண்டியில் கொண்டுவந்து இறக்கும் டவுன் வியாபாரியிடம் வாங்கலாம். கீழே வரும் விலைகள் கணக்குக்காக வைத்தவை.

மண்டியில் கிலோ 20 ரூபாய். வண்டியும் கூலியும் சேர்ந்தால் 22. ஆனால் கிரேடின் மேலே செங்காயும் அடியில் வெடித்ததும் இருக்கும். நூற்றுக்குப் பன்னிரண்டு கிலோ கழிந்தால் சமையலுக்கு வரும் கிலோ 25 ரூபாய் ஆகிவிடும். உழவர் நிறுவனம் தரம் பிரித்து, கொண்டுவந்து இறக்கி 25 கேட்கிறது. நான்கு கிலோதான் கழியும் என்றால் அடக்கம் 26. டவுன் வியாபாரி 29 சொல்கிறார். எட்டுக் கிலோ போனால் முப்பத்தொன்றரை.

அப்புறம் ஏன் பலரும் டவுன் வியாபாரியிடமே நிற்கிறார்கள்? அவர் 30 நாள் கடன் தருகிறார். மண்டியில் கையில் காசு, நிறுவனத்தில் ஒரு வாரம். சரி, அந்தக் கடனுக்கு என்ன விலை? கிலோவுக்கு ஐந்தரை ரூபாய் வித்தியாசம், மாதம் 3,000 கிலோவுக்கு 16,500 ரூபாய். நிறுவனத்திடம் வாங்க ஆகும் 78,000 ரூபாயை மாதம் இரண்டு வட்டிக்கு வெளியில் வாங்கினாலும் வட்டி 1,600-ஐத் தாண்டாது. கடன் பாக்கி இருக்கும்போது அழுகல் வந்தால் திருப்பி அனுப்பவும் வாய் வராது. அந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

மண்டிக்கும் நிறுவனத்துக்கும் ஒரு ரூபாய்தான் இடைவெளி. விடியற்காலையில் போய்ப் பார்த்து எடுக்க நம்பகமான ஆள் இருந்தால் மண்டி. இல்லாவிட்டால் நிறுவனம்தான் என் தேர்வு, ஆனால் எழுத்தில் ஆர்டர் கொடுத்தால் மட்டும்.

அந்த ஆர்டரில் 'நல்ல தக்காளி' என்று எழுதினால் பயனில்லை. 'ஹைபிரிட், முக்கால் சிவப்பு, கையில் அழுத்தினால் கெட்டி, வெடிப்பும் புள்ளியும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கூடாது' என்று எழுத வேண்டும். காலி கிரேடின் எடை கழித்த நிகர எடைக்கே பணம். இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு கிரேடை அடிவரை கொட்டிப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு வரும் புகாரை அவர்கள் ஏற்க வேண்டியதில்லை.

விலையை மட்டும் ஒரே எண்ணாக எழுதாதீர்கள். மழையில் வரத்து குறைந்து விலை ஏறினால், 25-க்குத் தருவதாகக் கையெழுத்துப் போட்டவர் சரக்கு இல்லை என்பார். விலை சரிந்தால் வாங்குபவர் மண்டிக்கு ஓடுவார். 'அன்றைய ராயக்கோட்டை முதல் ரக விலை, கூட ஐந்து ரூபாய்' என்று எழுதினால் இரு பக்கமும் தாங்கும். சரக்கு வராத நாளில் மண்டியில் வாங்கி, கூடுதல் செலவைப் பில்லில் கழிப்பதாகவும் ஒரு வரி வேண்டும். முந்தின நாள் மாலைக்குள் சொல்லிவிட்டால் கழிக்கமாட்டோம் என்று இறங்கிவந்தால் அவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.