விண்ணப்பமா, அழைப்பா? தன்னார்வ மட்டுறுத்துநர்களைச் சேர்க்கும் இரு வழிகள்

மிக்சி தயாரிக்கும் ஒரு நிறுவனம் இணையத்தில் நடத்தும் வாடிக்கையாளர் குழுமம் சில நூறு பேரிலிருந்து பல ஆயிரம் பேராக வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊழியர்களால் மட்டும் அதைக் கவனிக்க இயலாத நிலையில், பதிவுகளைக் கவனித்து ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநர்களாக உறுப்பினர்களிலேயே சிலரைச் சேர்க்க, எல்லோரிடமும் விண்ணப்பம் கேட்கலாம். அல்லது ஏற்கெனவே பிறருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிவருபவர்களைத் தனியே அழைக்கலாம்.

விண்ணப்ப முறை விரைவானது. யாரையும் ஒதுக்கிவிட்டதாகப் பேச்சு எழாது. ஆனால் அதிகாரத்தில் ஆர்வம் கொண்டவர்களே முதலில் முன்வருவார்கள், படிவமோ அவர்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை மட்டுமே காட்டும். அழைப்பு முறையில் அழைக்கப்படுபவருடைய பழைய பதிவுகளே சான்றாக இருக்கின்றன. கோபமாக எழுதியவருக்கு எப்படிப் பதிலளித்தார், தாம் சொன்னது தவறென்று தெரிந்தபோது திருத்தினாரா என்பவற்றை நேரடியாகப் படித்துவிடலாம். நிறுவனத்தின் தொனியைக் காப்பதே நோக்கமென்றால், தொடக்கத்தில் அழைப்பு முறையே சிறந்தது என்பது என் கருத்து. அதன் குறை, ஊழியர்களுக்குப் பிடித்தவர்களாகவே குழு நிரம்பிவிடுவது. எனவே இரவு நேரம் போன்ற இடைவெளிகளை நிரப்பப் பின்னர் விண்ணப்பம் கேட்டு, விண்ணப்பிப்பவர்களுடைய பழைய பதிவுகளையும் அதே கண்ணோடு படிக்க வேண்டும்.

வழிநடத்துவதிலும் இரு வழிகள் உண்டு: ஆயத்தப் பதில்களைக் கொடுப்பது, அல்லது நல்ல பதில்களைக் காரணத்தோடு விளக்கிப் பழக்குவது. "புது மிக்சியில் ரப்பர் கருகும் வாடை வருகிறது, ஏமாற்றிவிட்டீர்கள்" என்று ஒருவர் எழுதுகிறார். "சிரமத்துக்கு வருந்துகிறோம், சேவை மையத்தைத் தொடர்புகொள்ளவும்" என்பது ஆயத்தப் பதில். அதில் பிழையில்லை, ஆனால் அதையே நாள்தோறும் பலமுறை படிப்பவர், அங்கே ஆளே இல்லையென்று நினைப்பார். மேலும், நிறுவனத்தின் சார்பில் வருத்தம் தெரிவிக்கும் இடத்தில் தன்னார்வலர் இல்லை. பழக்கப்பட்டவர் இப்படி எழுதுவார்: "நான் ஊழியர் அல்ல, இதே மிக்சியைப் பயன்படுத்துபவன். இப்போதைக்கு அதை இயக்காதீர்கள். எவ்வளவு நேரம் ஓடிய பிறகு வாடை வந்தது என்று சொல்லுங்கள், ஊழியரை இங்கே அழைக்கிறேன்." பேசுவது யார், முதலில் என்ன சொல்வது, எந்த இடத்தில் ஊழியரிடம் ஒப்படைப்பது என்ற மூன்றும் ஒத்திருந்தால், சொற்கள் ஆளுக்கொரு விதமாக இருந்தாலும் தொனி மாறாது. பணம் திருப்புதல், மின்பாதுகாப்பு ஆகிய இரண்டில் மட்டும் ஆயத்த வாசகமே நல்லது.

தொனி பிசகுவதற்கு அடையாளங்கள் உண்டு. "ஊழியர் யாராவது இருக்கிறீர்களா?" என்ற கேள்வி அடிக்கடி எழும், ஒரே மட்டுறுத்துநர் மற்றவர்களைவிட மிகுதியாகப் பதிவுகளை நீக்குவார். அப்போது வேலைநேரம், அறிக்கை என்று தன்னார்வலர்களை இறுக்கத் தோன்றும். அமெரிக்காவின் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனம் அப்படிப்பட்ட கட்டுப்பாடுகளோடு ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்திருந்தது. தாங்கள் செய்தது ஊழியர் வேலையே என்று அவர்களில் சிலர் 1999இல் வழக்குத் தொடுத்தனர். அது 2010இல் 1.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. ஆகவே நேரத்தை அளப்பதை விட்டு, வாரம் ஒருமுறை சில பதில்களைப் பெயர் மறைத்து, ஊழியரும் தன்னார்வலர்களும் சேர்ந்து படித்துத் திருத்துவதே ஏற்ற முறை.