குறிப்பேட்டுப் பதிவுகள் முழுவதையும் சோதித்தல்: ஆறு ஆண்டு அனுபவம்

தியாகராய நகரிலுள்ள எங்கள் தணிக்கை அலுவலகத்தில், மாதிரிக்கு முப்பது வவுச்சர்களை எடுத்துப் பார்க்கும் வழக்கத்தை விட்டு, ஓராண்டின் குறிப்பேட்டுப் பதிவுகள் அனைத்தையும் IDEA என்ற தரவுப் பகுப்பாய்வு மென்பொருளில் ஏற்றிச் சோதிக்கத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நிர்வாகமே கட்டுப்பாடுகளை மீறக்கூடும் என்பதால் இப்பதிவுகளைச் சோதிக்க வேண்டும் என்று SA 240 என்னும் தணிக்கைத் தரநிலை கூறுகிறது.

கையில் வந்த கோப்பு முழுமையானதா என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். ஒவ்வொரு கணக்கின் தொடக்க இருப்போடும் கோப்பிலுள்ள பதிவுகளைக் கூட்டினால், இருப்பாய்விலுள்ள இறுதி இருப்பு வர வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில், சுமார் நான்கு லட்சம் வரிகள் கொண்ட கோப்பில், மூன்று கணக்குகள் ஒத்துவரவில்லை. இரண்டு நாள் தேடிய பிறகே, 1 முதல் 12 வரையிலான காலப்பகுதிகளை மட்டும் எடுத்துக் கொடுத்திருந்தார்கள் என்பது தெரிந்தது. அவர்கள் கணக்கு வைக்கும் SAP மென்பொருளில் ஆண்டிறுதிச் சரிக்கட்டல்களுக்கென 13 முதல் 16 வரை சிறப்புக் காலப்பகுதிகள் உண்டு. நாங்கள் மிகவும் பார்க்க விரும்பிய பதிவுகள்தாம் விடுபட்டிருந்தன.

கோப்பு சரியானதும் ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகளைப் பிரித்தோம். ஆலை ஞாயிறும் இயங்குவதால் பல ஆயிரம் வரிகள் வந்தன. அவற்றால் பயனேதும் இல்லை. பிறகு, அமைப்பு தானே உருவாக்கிய பதிவுகளை நீக்கி, கையால் இட்டவற்றில் பதிவுத் தேதியையும் (BUDAT) உள்ளிட்ட தேதியையும் (CPUDT) ஒப்பிட்டு, அந்த ஆண்டில் ஐந்து முறைக்கும் குறைவாக வந்த பற்று-வரவுக் கணக்குச் சேர்க்கைகளை மட்டும் வைத்துக்கொண்டோம். பதினேழு ஆவணங்கள் மிஞ்சின. அவற்றுள் ஒன்று மார்ச் 31 தேதியிட்டு ஏப்ரல் 11 அன்று உள்ளிடப்பட்டது. இன்னும் பில் போடாத வருவாய்க்கான கணக்கில் 38,50,000 ரூபாய் பற்று, விற்பனைக் கணக்கில் அதே தொகை வரவு. மே மாதம் அதற்கு எதிர்ப்பதிவும் இடப்பட்டிருந்தது. வாயில் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, சரக்கு ஏப்ரல் 6 அன்றுதான் வெளியேறியிருந்தது. விவாதத்துக்குப் பின் நிர்வாகம் அந்த விற்பனையை அடுத்த ஆண்டுக்கு மாற்றியது. பழைய முப்பது வவுச்சர் முறையில் இது எங்கள் கண்ணில் பட்டிருக்குமா என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன்.

சேர்க்கைச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. சம்பளப் பதிவு போன்ற ஓர் ஆவணத்தில் பல பற்றுகளும் பல வரவுகளும் இருக்கும்போது, எந்தப் பற்று எந்த வரவுக்குரியது என்று மென்பொருளுக்குத் தெரியாது. இணை இணையாகப் பிரித்தால் உண்மையில் இல்லாத சேர்க்கைகள் நூற்றுக்கணக்கில் முளைக்கும். ஆகவே ஆவணம் முழுவதிலும் உள்ள கணக்குகளை ஒரே தொகுப்பாகக் கொண்டு, அத்தொகுப்பு எத்தனை முறை வந்தது என்று எண்ணுகிறோம். பயனர் வாரியான சோதனையை மட்டும் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. சில அலுவலகங்களில் கணக்குப் பிரிவு முழுவதும் ஒரே பயனர் பெயரில் நுழைகிறது. அங்கே அந்தப் பதிவை இட்டது யார் என்று நேரில் போய்க் கேட்டுத்தான் எழுதிக்கொள்கிறோம்.