மறுபடி வந்த ஜாக்கெட் ஆர்டர்: கூலியை எந்தக் கணக்குப்படி போடுவது?

கோத்தகிரியில் நான்கு டெய்லர்கள் உள்ள ஒரு தையல் யூனிட்டுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். ஒரு விடுதிக்காக லைனிங் வைத்த குளிர் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தோம். 50 ஜாக்கெட் ஒரு பேட்ச். முதல் பேட்ச்சுக்கு 200 மணி நேரம் ஆனது. காலர் திரும்பாமல் பிரித்துத் தைத்ததே பாதி நாளைத் தின்றது. இரண்டாவது பேட்ச் 120 மணியில் முடிந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் இன்னும் 100 வேண்டும் என்று விடுதிக்காரர் கேட்டார். அதாவது இன்னும் இரண்டு பேட்ச். கூலி மணிக்கு 80 ரூபாய்.

யூனிட் நடத்தும் அக்கா போட்டது முதல் கணக்கு. இதுவரை 320 மணி, இரண்டு பேட்ச், ஆக பேட்ச்சுக்கு 160 மணி. இன்னும் இரண்டுக்கு 320 மணி, கூலி 25,600 ரூபாய், ஜாக்கெட்டுக்கு 256 ரூபாய். இதில் நஷ்டம் வராது, ஆனால் ஆர்டரே வராமல் போகலாம். காலரோடு மல்லுக்கட்டிய நேரத்தை எல்லாம் மறுபடி விலையில் ஏற்றுகிறோமே.

கற்றல் வளைவு இங்கேதான் வருகிறது. விமானத் தயாரிப்புச் செலவை வைத்து ரைட் என்பவர் 1936இல் எழுதிய கணக்கு இது. மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஆரம்பத்திலிருந்து கூட்டிப் பார்த்த சராசரி நேரம் ஒரே விகிதத்தில் குறைகிறது. எங்கள் சராசரி 200இலிருந்து 160 ஆனது, அதாவது 80 சதவீதம். நான்கு பேட்ச் ஆகும்போது அதில் 80 சதவீதம், 128 மணி.

சரி, 128ஐ இரண்டால் பெருக்கினால் 256 மணி, 20,480 ரூபாய். இது இரண்டாவது கணக்கு, பார்க்க ஒழுங்காகவே இருக்கிறது. நானும் முதலில் இப்படித்தான் எழுதினேன். ஆனால் தப்பு. 128 என்பது நான்கு பேட்ச்சுக்கும் சேர்த்த சராசரி. அதற்குள் அந்த முதல் 200ம் உட்கார்ந்திருக்கிறது. தப்பைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு: ஏற்கெனவே 120 மணியில் தைத்துக் காட்டியவர்கள் அடுத்த பேட்ச்சுக்கு 128 மணி எடுப்பார்களா?

மூன்றாவது கணக்குதான் சரி. நான்கு பேட்ச்சுக்கு மொத்தம் 4 × 128 = 512 மணி. அதில் செலவழித்துவிட்ட 320ஐக் கழித்தால் 192 மணி. கூலி 15,360 ரூபாய், ஜாக்கெட்டுக்கு 153 ரூபாய் 60 காசு. முதல் கணக்குக்கும் இதற்கும் நூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

விடுதிக்காரர் ஒரு பேட்ச் மட்டும் கேட்டிருந்தால் மூன்று என்பது இரட்டிப்பில் விழாது. அப்போது சூத்திரம் வேண்டும்:

y = a·x^b, b = log 0.8 / log 2 = −0.322

y சராசரி நேரம், a முதல் பேட்ச்சின் 200 மணி, x மொத்த பேட்ச் எண்ணிக்கை. மூன்றுக்குச் சராசரி சுமார் 140.4, மொத்தம் 421, அதில் 320 போக 101 மணி. கடைசியில் கழிப்பது மட்டும் மாறாது.

"80 சதவீதம்" என்று யாராவது சொன்னால் எதில் 80 என்று கேட்டுவிடுங்கள். சராசரி குறைகிறது என்றால் இரண்டாவது பேட்ச் 120 மணி. அந்தந்த பேட்ச்சின் நேரமே குறைகிறது என்ற வேறு கணக்குமுறையும் உண்டு. அதில் அதே 80க்கு இரண்டாவது பேட்ச் 160 மணி. அடுத்தவர் விகிதத்தைக் கடன் வாங்குவதைவிட நம் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் இரண்டு பேட்ச்சே மேல்.

சரியான கணக்கும் சில இடங்களில் கவிழும். எங்கள் டெய்லர்களுக்கு மணிக் கூலி. பீஸ் ரேட்டாக இருந்தால் வேகம் கூடியதன் லாபம் டெய்லருக்குத்தான். ஜாக்கெட்டுக்கான கூலி அப்படியே நிற்கும், 192 மணி என்பது எந்தத் தேதியில் சரக்கு தரலாம் என்று சொல்ல மட்டுமே உதவும். நேரமும் முடிவில்லாமல் குறையாது. கை வேகம் ஓர் இடத்தில் நின்றுவிடும்.

பெரிய ஆபத்து, இரண்டு ஆர்டருக்கு நடுவே விழும் இடைவெளி. கணக்குப் போட்ட வாரத்தில் டெய்லர்களில் ஒருவர் திருப்பூர் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு அந்தக் காலர் முதல் காலர். நாங்கள் 192 மணியை எங்களுக்குள் வைத்துக்கொண்டு, கடைசியாகத் தைத்த வேகத்திலேயே பேட்ச்சுக்கு 120 என்று 240 மணிக்கு விலை சொன்னோம், ஜாக்கெட்டுக்குக் கூலி 192 ரூபாய். அக்கா முனகினார்: "256 வர வேண்டியது." விடுதிக்காரர் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டார். மூன்றாவது பேட்ச் 118 மணியில் முடிந்தது. வளைவு சொன்னது 101.