கிரைண்டர் உத்தரவாதம்: மூன்று இடத்துக்கு அலைந்த கதை

மலேசியாவில், பினாங்கின் பிறை நகரில் இருக்கிறேன். போன தீபாவளிக்கு முன் இணையச் சந்தை ஒன்றில் 689 வெள்ளி கொடுத்து ஒரு மேசைக் கிரைண்டர் வாங்கினேன். இந்திய நிறுவனத்தின் தயாரிப்பு. படத்தின் மேல் ‘2 ஆண்டு உத்தரவாதம்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஐந்தாம் மாதம், மாவு பாதி அரைபடும்போதே கருகல் வாடை வந்தது. அதன் பிறகு வெறுமனே ஓடவிட்டால் கல் சுற்றும், ஊறவைத்த அரிசியைப் போட்டால் நின்றுவிடும்.

முதலில் அந்த நிறுவனத்தின் இங்குள்ள முகவரைக் கூப்பிட்டேன். வரிசை எண்ணைக் கேட்ட தம்பி, “அக்கா, இது நாங்கள் இறக்கிய சரக்கு இல்லை, எங்கள் பதிவில் இந்த எண்ணே இல்லை” என்றார். அப்போதுதான் பிளக்கைச் சரியாகப் பார்த்தேன். மூன்று உருண்டைக் கம்பி கொண்ட இந்திய பிளக், கூடவே ஓர் அடாப்டர். பாதுகாப்புச் சான்றான சிரிம் ஒட்டுவில்லை எங்குமே இல்லை. பெட்டியைப் பிரித்த அன்றே இதைக் கவனித்திருந்தால் அப்போதே திருப்பி அனுப்பியிருப்பேன்.

கடைக்காரரிடம் போனேன். “உத்தரவாதம் நிறுவனத்துடையது, அவர்களையே கேளுங்கள்” என்று எழுதினார். இணையச் சந்தையோ, பொருள் கிடைத்துவிட்டதாக நான் உறுதி செய்து மாதங்கள் ஆகிவிட்டன, பணம் கடைக்குப் போய்விட்டது, இனி கடையோடு பேசிக்கொள்ளுங்கள் என்றது. இப்படியே மூன்று வாரம் போனது.

என் அண்ணி ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா. அவர் முதலில் கேட்டது, விளம்பரத்தில் Warranty Type என்ற வரியில் என்ன இருக்கிறது என்று. திறந்து பார்த்தோம். Local Supplier Warranty என்று இருந்தது. அதாவது உத்தரவாதம் கொடுப்பவர் விற்றவர்தான், நிறுவனம் இல்லை. Local Manufacturer Warranty என்று இருந்தால்தான் நேரே இங்குள்ள நிறுவனத்திடம் போகலாம். International Manufacturer Warranty என்றால் நிபந்தனைகளைப் படித்த பிறகே வாங்க வேண்டும், பழுதுபார்ப்பு வெளிநாட்டில் மட்டும் என்றும் இருக்கலாம். படத்தில் இருக்கும் பெரிய எழுத்தை விட இந்தச் சின்ன வரிதான் பேசும். அந்தப் பக்கத்தை உடனே படம் பிடித்து வைத்துக்கொண்டோம். விளம்பரத்தைக் கடைக்காரர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

அந்த வரியே இல்லாவிட்டாலும் விற்றவருக்குப் பொறுப்பு உண்டு என்றார் அண்ணி. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருந்தாக வேண்டும். ஐந்து மாதத்தில் அரிசிக்கே நிற்கும் கிரைண்டர் அந்தத் தரத்தில் இல்லை. தயாரிப்பாளரிடமும் கேட்கலாம்தான். ஆனால் வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கு இங்கே தொழிலிடம் இல்லையென்றால், பொருளை இறக்கியவரோ விநியோகிப்பவரோ தயாரிப்பாளர் இடத்தில் வைக்கப்படுவார். என் சரக்கைத் தனியாக இறக்கியது கடைக்காரரே என்றால் இரண்டு வழியும் அவரிடமே போய் முடிகிறது.

அதனால் அவருக்கே எழுதினேன், இணையச் சந்தையின் உரையாடல் பெட்டிக்குள்ளேயே. அவர் வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னார், போகவில்லை. பழுது என்ன, எப்போது வந்தது, காணொளி, ரசீது, ‘14 நாளுக்குள் பழுது பார்த்துக் கொடுங்கள், இல்லையேல் பணத்தைத் திருப்புங்கள்’ என்று தேதி போட்ட செய்தி. மோட்டாரை யாரையும் திறக்க விடவில்லை. திறந்திருந்தால் ‘நீங்களே கெடுத்தீர்கள்’ என்று சொல்ல அவருக்கு வழி கிடைத்திருக்கும்.

14 நாளும் பதில் இல்லை. பிறகு பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் பாரம் 1 நிரப்பினேன். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். இங்கேதான் பெரிய சிக்கல் வந்தது. எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும், எனக்குத் தெரிந்ததோ இணையத்தில் உள்ள கடைப் பெயர் மட்டும். கிரைண்டர் வந்த பெட்டியை நான் தூக்கி எறியாமல் வைத்திருந்தது என் அதிர்ஷ்டம். பார்சல் மேல் ஒட்டிய சீட்டில் அனுப்பியவரின் முகவரி இருந்தது. ரசீதில் நிறுவனப் பெயரும் பதிவு எண்ணும் இருந்தன. இந்த இரண்டு காகிதமும் இல்லையென்றால் யார் மேல் புகார் கொடுப்பது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. வெளிநாட்டிலிருந்து நேரே அனுப்பும் கடையாக இருந்திருந்தால் முகவரி கிடைத்தும் பெரிய பயன் இருந்திருக்காது.

பாரம் போய்ச் சேர்ந்த அடுத்த வாரமே கடைக்காரர் தொலைபேசியில் வந்தார், முதல் தடவையாக. பாதிப் பணம் தருகிறேன் என்றார். மறுத்தேன். கடைசியில் முழு 689 வெள்ளிக்கும் ஒத்துக்கொண்டார். பணம் என் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் கிரைண்டரை எடுத்துப் போக விட்டேன், மனுவையும் மீட்டுக்கொண்டேன்.

நேற்று அந்தக் கடையைப் பார்த்தேன். அதே கிரைண்டர், அதே படம், அதே ‘2 ஆண்டு உத்தரவாதம்’. இப்போது Warranty Type வரியில் No Warranty என்று மாற்றியிருக்கிறார்கள்.