இசையமைப்பாளர் பெயரிலா, பாடகர் பெயரிலா: பாட்டை எப்படித் தேடுவது?

“இந்தப் பாட்டு யாருடையது?” என்று ஒருவர் கேட்டால், முதலில் அவர் மெட்டைக் கேட்கிறாரா, குரலைக் கேட்கிறாரா என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1992இல் வெளிவந்த ‘ரோஜா’ படத்தின் ‘சின்னச் சின்ன ஆசை’ பாடலுக்கு மெட்டமைத்தவர் ஏ.ஆர். ரகுமான், எழுதியவர் வைரமுத்து, பாடியவர் மின்மினி.

தேடலின் அளவு: ரகுமான் பெயரில் தேடினால் பல நூறு பாடல்கள் வந்து குவியும், படத்தின் பெயரையும் சேர்த்தால்தான் பட்டியல் சுருங்கும். மின்மினி பெயரில் தேடினால் பட்டியல் சிறியது, பாடல் விரைவில் கைக்கு வரும்.

தவறும் இடம்: இசைச் செயலிகளில் கலைஞர் என்ற இடத்தில் சில பதிவுகளுக்கு இசையமைப்பாளர் பெயர் மட்டுமே இருக்கும்; அங்கே பாடகரைத் தேடிப் பயனில்லை.

இந்தி வடிவத்திலும் அதே மெட்டும் அதே குரலும் இருப்பதால், இரண்டு பெயர்களுமே மொழியைப் பிரித்துக் காட்டா. அங்கே பாடலாசிரியர் பெயர்தான் உதவும்: இந்தி வரிகள் பி.கே. மிஸ்ராவுடையவை.

தயாரிப்பாளர் என்ற சொல்லில் கூடுதல் கவனம் தேவை. திரைப்படத்தில் அது படத்துக்குப் பணம் போட்டவரைக் குறிக்கும். ‘ரோஜா’வுக்கு அது பாலசந்தரின் கவிதாலயா நிறுவனம். தனிப்பாடல்களில் வரும் இசைத் தயாரிப்பாளரோ ஒலிப்பதிவை உருவாக்கி வழிநடத்துபவர்.

எனவே குரல் மனத்தில் நிற்பவர் பாடகரையும், அதே பாணியில் வேறு பாடல்கள் வேண்டுபவர் இசையமைப்பாளரையும், வரிகள் வேண்டுபவர் பாடலாசிரியரையும் தேடுவதே பொருத்தம்.